சுருள் கேபிள் ஆசையில் ஒரு கீபோர்டைக் காவு கொடுத்த கதை

வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பு வேலை பார்க்கிறவன் நான். வார்த்தைக்கு இவ்வளவு என்று கூலி. கீபோர்டு ஓடினால்தான் எனக்குச் சோறு. அதனால் யோசித்து, தயங்கி, 5,200 ரூபாய் போட்டு ஒரு மெக்கானிக்கல் கீபோர்டு வாங்கினேன். கேபிளைத் தனியாகக் கழற்றி மாட்டும் வகை. பின்பக்கம் ஒரு டைப்-சி துளை இருக்கும், அதில் செருகிக்கொள்ள வேண்டியதுதான். கேபிள் போனால் கேபிளை மட்டும் மாற்றினால் போதும், முழு கீபோர்டையும் தூக்கிப்போட வேண்டாம் என்று வீட்டில் பெருமையாகச் சொல்லி வைத்திருந்தேன். அந்தக் கேபிள் மாற்றும் படலத்தில்தான் 3,129 ரூபாயும், பதினைந்து நாள் வேலையும், கடைசியில் அந்தக் கீபோர்டும் போயின.

ஆரம்பித்து வைத்தது ஓர் எலி. கீபோர்டோடு வந்த கறுப்புக் கேபிளை மேஜைக்குப் பின்னால் இரண்டு இடத்தில் கடித்து, உள்ளே கம்பி தெரிய வைத்துவிட்டது. அதைக் குப்பையில் போட்டேன். அப்போதுதான் லேப்டாப்பும் புதிதாக மாற்றியிருந்தேன். அதில் பழைய அகல யூஎஸ்பி துளை ஒன்றே ஒன்றுதான், அதிலும் மவுஸின் ரிசீவர் உட்கார்ந்திருக்கிறது. மற்ற இரண்டும் டைப்-சி. சரி, இரண்டு பக்கமும் டைப்-சி இருக்கிற கேபிளே வாங்கிவிடலாம் என்று, மேலே நைலான் பின்னல் போட்ட ஒன்றை 449 ரூபாய்க்கு வாங்கினேன். பின்னல் இருந்தால் எலி கடிக்காது என்று ஒரு நம்பிக்கை வேறு.

மாட்டினேன். கீபோர்டில் ஒரு விளக்குகூட எரியவில்லை. கேபிள் மேல்தான் சந்தேகம் வந்தது. அதே கேபிளை லேப்டாப்புக்கும் போனுக்கும் நடுவில் மாட்டிப் பார்த்தேன். போன் சார்ஜ் ஏறியது, போட்டோக்களும் லேப்டாப்புக்கு வந்தன. ஆக, கேபிள் நன்றாக இருக்கிறது, எலி கடித்தபோது ஷார்ட் ஆகி கீபோர்டுதான் போய்விட்டது என்று முடிவு கட்டினேன். வாரண்டி இருந்ததால் 310 ரூபாய் கொடுத்து சர்வீஸ் சென்டருக்கு கூரியரில் அனுப்பினேன். லேப்டாப்பின் தட்டையான கீபோர்டிலேயே பதினோரு நாள் தட்டினேன். மணிக்கட்டு வலியில் ஒரு வேலையைக் கைவிட வேண்டியதாயிற்று. பன்னிரண்டாம் நாள் பெட்டி திரும்பி வந்தது. உள்ளே ஒரு துண்டுச்சீட்டு: எந்தப் பழுதும் இல்லை.

எனக்கு வந்த கோபத்தை எழுத முடியாது. பின்னல் கேபிளை மாட்டினால் மறுபடியும் செத்த பிணம்போல் கிடக்கிறது. நல்ல வேளையாக, சோதித்துப் பார்த்தவர் தான் பயன்படுத்திய அரையடிக் கேபிளை எடுக்க மறந்து பெட்டியிலேயே விட்டிருந்தார். ஒரு பக்கம் பழைய அகல பின், மறுபக்கம் டைப்-சி. மவுஸ் ரிசீவரைப் பிடுங்கிவிட்டு அதைச் செருகினேன். கீபோர்டு பளிச்சென்று எரிந்தது. அன்று இரவு தூங்காமல் தேடிப் படித்ததில்தான் விஷயம் புரிந்தது.

பழைய அகல யூஎஸ்பி துளையில் 5 வோல்ட் எப்போதும் வந்துகொண்டே இருக்கும். எதைச் செருகினாலும் கொடுக்கும். டைப்-சி துளை அப்படியில்லை. எதிர்ப்பக்கம் மின்சாரம் வாங்குகிற கருவி ஒன்று இருக்கிறது என்று உறுதியாகும் வரை 5 வோல்ட்டைத் திறந்துவிடாது. அதை உறுதி செய்வதற்காகவே சிசி என்று தனிக் கம்பி ஒன்று உண்டு. கருவிக்குள் அந்தக் கம்பி போய்ச் சேரும் இடத்தில் 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருக்க வேண்டும். டைப்-சி பின்னை இரண்டு பக்கமும் திருப்பிச் செருகலாம் என்பதால் ஒரு துளைக்கு இரண்டு ரெசிஸ்டர் தேவை. ஒன்று சில பைசாகூடப் பெறாது. அதைத்தான் என் கீபோர்டில் வைக்காமல் விட்டிருந்தார்கள். போனில் அந்த ரெசிஸ்டரின் வேலையைச் செய்யும் அமைப்பு இருக்கிறது, அதனால் போன் சார்ஜ் ஏறியது. சர்வீஸ் சென்டரில் அகல பின் கேபிளில் சோதித்தார்கள், அதனால் அவர்களுக்குப் பழுது தெரியவில்லை. பொய் சொன்னது யாருமில்லை, ஆனால் பதினோரு நாள் போனது எனக்குத்தான்.

உங்கள் கீபோர்டு சி-டு-சி கேபிளில் எரியவில்லை என்றால் பதறாதீர்கள். முதலில் கீபோர்டு பக்கத்து பின்னைக் கழற்றி, தலைகீழாகத் திருப்பிச் செருகுங்கள். ஒரு பக்கம் எரிந்து மறுபக்கம் எரியாவிட்டால் இரண்டில் ஒரு ரெசிஸ்டர்தான் இருக்கிறது என்று அர்த்தம். எரிகிற பக்கத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி வைத்துக்கொண்டு அப்படியே பயன்படுத்தலாம். எந்தப் பக்கமும் எரியாவிட்டால் யாரிடமாவது அகல பின் கேபிள் கடன் வாங்கிச் சோதித்துப் பாருங்கள். அதில் எரிந்தால் கீபோர்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. லேப்டாப்பில் டைப்-சி மட்டும்தான் என்றால், அகல பின்னை டைப்-சி ஆக்கும் விரல் நுனி அளவு அடாப்டர் கிடைக்கிறது. நான் 120 ரூபாய்க்கு வாங்கினேன். தேவையான ரெசிஸ்டர் அந்த அடாப்டருக்குள்ளேயே இருப்பதால் லேப்டாப் ஏமாந்து 5 வோல்ட்டைக் கொடுத்துவிடும். ஆனால் இரவல் வாங்கும் கேபிள் ஹேர் டிரிம்மரோடோ மேஜை விளக்கோடோ வந்ததாக இருக்கக் கூடாது. அவற்றில் பெரும்பாலும் மின்சாரத்துக்கான இரண்டு கம்பிகள்தான் இருக்கும், டேட்டாவுக்கான இரண்டு கம்பிகள் இருக்காது. கீபோர்டு விளக்கு ஜோராக எரியும், ஓர் எழுத்துகூட விழாது.

இத்தோடு நின்றிருந்தால் நான் 879 ரூபாய் நஷ்டத்தோடு தப்பியிருப்பேன். கையிலிருந்த கேபிள் அரையடி, கீபோர்டை லேப்டாப்பில் ஒட்டி வைத்துத் தட்ட வேண்டியிருந்தது. புதிதாக ஒன்று வாங்கத்தானே போகிறோம், அழகாக வாங்குவோமே என்று ஆசை வந்துவிட்டது. டெலிபோன் ரிசீவர் வயர்போலச் சுருண்டு, நடுவில் பளபளவென்று ஓர் உலோகத் திருகு வைத்த கேபிள்களைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அந்தத் திருகைத்தான் ஏவியேட்டர் கனெக்டர் என்பார்கள். ஜிஎக்ஸ்16 என்று போட்டிருந்தால் 16 மில்லிமீட்டர் அளவு, ஜிஎக்ஸ்12 என்றால் 12. கேபிளை இரண்டு பாதியாகப் பிரித்து மாட்டுவதற்காக வைப்பது. சாதாரண யூஎஸ்பியே கழற்றி மாட்டத்தக்கதுதானே, நடுவில் இன்னொன்று எதற்கு என்று கேட்டால் என்னிடம் பதில் கிடையாது. அழகுதான். வீட்டிலேயே கையால் செய்து விற்கும் ஒருவரிடம் மாம்பழ நிறத்தில் சொல்லி வைத்து 1,650 ரூபாய்க்கு வாங்கினேன்.

வந்ததும் முதல் சிக்கல்: கேபிளின் டைப்-சி பின் பாதி தூரம்தான் உள்ளே போனது. கீபோர்டின் டைப்-சி துளை வெளிவிளிம்பில் இல்லை, ஒரு குழிக்குள் உள்வாங்கி இருந்தது. குழியின் அகலம் 12 மில்லிமீட்டர். இந்தக் கேபிளின் தலை 13. பின்னின் உலோக நாக்கு எல்லாவற்றிலும் ஒரே அளவுதான், அதைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் தலைதான் ஆளுக்கு ஆள் மாறும். பிளேடால் இரண்டு ஓரமும் சீவி எடுத்து உள்ளே தள்ளினேன். ஸ்கேல் வைத்துக் குழியை அளந்து, விற்பவரிடம் தலையின் அகலத்தைக் கேட்டிருந்தால் அந்த வேலையே இருந்திருக்காது. எல் வடிவத்தில் வளைந்த தலை வாங்குகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஆழமான குழிக்குள் அது போகவே போகாது.

இரண்டாவது சிக்கலைக் கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆனது. கீபோர்டின் வெள்ளை விளக்கு முழு வெளிச்சத்தில் லேசாக ரோஸ் நிறம் அடித்தது. கேபிளின் நிறம்தான் பிரதிபலிக்கிறதோ என்றுகூட நினைத்தேன். காரணம் கம்பியின் நீளம். சுருள் பார்வைக்கு ஒரு சாண்தான். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். கேபிளின் தடிமன் 6 மில்லிமீட்டர் என்றால் 15 சென்டிமீட்டர் சுருளுக்குள் 25 சுற்று இருக்கும். ஒரு சுற்றின் விட்டம் 18 மில்லிமீட்டர், அதாவது சுற்றளவு கிட்டத்தட்ட 56 மில்லிமீட்டர். 25 சுற்றுக்கு 1.4 மீட்டர். நேராகப் போகும் பகுதி ஒன்றரை மீட்டர். மொத்தம் ஏறக்குறைய 2.9 மீட்டர். மின்சாரம் போகவும் வரவும் வேண்டும் என்பதால் கம்பிக்கணக்கில் இது இரட்டிப்பு. மெல்லிய 28 கேஜ் கம்பியில் மீட்டருக்கு சுமார் 0.21 ஓம், ஆக மொத்தம் 1.2 ஓம். விளக்கெல்லாம் எரியும்போது கீபோர்டு 0.4 ஆம்பியர் இழுத்தால், வழியிலேயே அரை வோல்ட் காணாமல் போகிறது. வெள்ளை என்பது சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் சேர்ந்து எரிவதுதான். வோல்ட் குறையும்போது நீல, பச்சை விளக்குகள்தான் முதலில் மங்கும், சிவப்பு தாக்குப்பிடிக்கும். அதனால்தான் வெள்ளை ரோஸானது.

இதற்கு விளக்கின் வெளிச்சத்தைக் குறைத்தாலே போதும், நானும் அதைத்தான் செய்தேன். சுருள் கேபிள் வாங்கியே தீருவேன் என்கிறவர்கள் மின்சாரக் கம்பி 24 கேஜா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கேஜ் எண் குறையக் குறையக் கம்பி தடிமன். அந்தத் தடிமனில் இதே நீளத்துக்கு இழப்பு 0.2 வோல்ட் அளவில் நின்றுவிடும். வேகத்தைப் பற்றி மட்டும் கவலையே வேண்டாம். சாதாரண கீபோர்டு யூஎஸ்பி 2.0-வின் கீழ் வேகங்களிலேயே ஓடுகிறது. அதிவேக டேட்டா கேபிள் என்று கூடுதல் விலை கொடுத்தால் கேபிள் தடித்து முரண்டு பிடிக்குமே தவிர எழுத்து ஒரு நொடிகூட முன்னதாக விழாது. நொடிக்கு 8,000 முறை தகவல் அனுப்பும் விளையாட்டுக் கீபோர்டு வைத்திருப்பவர்கள் மட்டும், நடுவில் திருகு இல்லாத குட்டையான நேர் கேபிளை மாட்டுவது நல்லது.

பின்னலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மேஜை விளிம்பில் உரசுவதை அது தாங்கும், அவ்வளவுதான். உள்ளே கம்பி முறிவது பெரும்பாலும் பின்னின் கழுத்தில், வளையும் இடத்தில். அங்கே பின்னல் ஒன்றும் செய்யாது, ரப்பர் கழுத்து நீளமாக இருக்கிறதா என்பதுதான் முக்கியம். எலி பின்னலையும் கடிக்கும். என் வீட்டு எலி நிரூபித்தது.

இப்போது கதையின் சோகக் கட்டம். ஒரு நாள் நாற்காலிச் சக்கரம் லேப்டாப் பக்கத்துப் பாதியின் மேல் ஏறி, திருகின் கழுத்தில் கம்பி அறுந்துவிட்டது. செய்து கொடுத்தவரிடம் கேட்டேன், இருபது நாள் ஆகும் என்றார். எனக்குப் பொறுமை இல்லை. இன்னொரு விற்பனையாளர் ஜிஎக்ஸ்16, நான்கு பின், எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்று போட்டு, அந்தப் பாதியை மட்டும் 600 ரூபாய்க்கு விற்றார். வாங்கினேன். திருகு அச்சாகப் பொருந்தியது. லேப்டாப்பில் செருகினேன். இரண்டு நொடிதான். லேப்டாப் திரையில் யூஎஸ்பி துளையில் அளவுக்கு மீறி மின்சாரம் போகிறது என்று ஓர் எச்சரிக்கை, மூக்கில் பிளாஸ்டிக் கருகும் வாடை. பிடுங்கி எறிந்தேன். லேப்டாப் தன்னைத்தானே காத்துக்கொண்டது. கீபோர்டு அதற்குப் பிறகு எந்தக் கேபிளிலும் எழுந்திருக்கவில்லை.

சென்னைக்கு வேறு வேலையாகப் போனபோது ரிச்சி தெருவில் பழுது பார்க்கும் ஒரு பெரியவரிடம் கொடுத்தேன். பிரித்துப் பார்த்துவிட்டு, "தம்பி, பிளஸ் மைனஸ் மாத்திக் குடுத்திருக்கீங்க. ஐசி போச்சு" என்றார். ஐசி மாற்றினாலும் உள்ளே ஏற்ற வேண்டிய ஃபர்ம்வேர் கிடைக்காது, விட்டுவிடுங்கள் என்றார். மாம்பழக் கேபிளின் இரண்டு பாதியையும் என் கண்முன்னே திருகிப் பிரித்துக் காட்டினார். முதல் பாதியில் 1-ஆம் எண் பின்னில் சிவப்புக் கம்பி, 4-ஆம் எண்ணில் கறுப்பு. புதிய பாதியில் 1-இல் கறுப்பு, 4-இல் சிவப்பு. யூஎஸ்பி பின்னில் எது எங்கே வர வேண்டும் என்பதற்கு உலகம் முழுக்க ஒரே விதி. ஆனால் நடுவில் வரும் இந்த ஏவியேட்டர் திருகுக்கு அப்படி எந்த விதியும் கிடையாது. அது யூஎஸ்பியைச் சேர்ந்ததே இல்லை. செய்கிறவர் மனதில் தோன்றியபடி வைப்பதுதான். உருவம் பொருந்துவதால் உள்ளேயும் பொருந்தும் என்று நான் நினைத்தது முழு மடத்தனம்.

அவர் சொல்லிக்கொடுத்த சோதனைக்கு ஐந்து நிமிடம் போதும், ஒரு சாதாரண மல்டிமீட்டர் இருந்தால் செய்துவிடலாம். லேப்டாப் பக்கத்துப் பாதியை மட்டும் எடுத்து, லேப்டாப்பில் அல்ல, ஒரு பழைய போன் சார்ஜரில் செருக வேண்டும். அகல பின் உள்ள பாதி என்றால் 5 வோல்ட் உடனே வந்துவிடும். மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, திருகின் துளைகளில் இரண்டிரண்டாகத் தொட்டுப் பார்க்க வேண்டும். எந்த இரண்டில் 5 வோல்ட் காட்டுகிறதோ, அப்போது சிவப்புக் குச்சி இருக்கும் இடம் பிளஸ், கறுப்புக் குச்சி இருக்கும் இடம் மைனஸ். மைனஸ் குறியோடு காட்டினால் தலைகீழ். திருகின் உள்முகத்தில் பொடி எழுத்தில் எண்கள் இருக்கும், அவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் கீபோர்டு பக்கத்துப் பாதியின் திருகைப் பிரித்து, அதே எண்களில் சிவப்பும் கறுப்பும் இருக்கிறதா என்று பாருங்கள். பச்சையும் வெள்ளையும் டேட்டா, அவை இடம் மாறினால் கீபோர்டு வேலை செய்யாதே தவிரப் புகையாது. கம்பி நிறத்தையும் கண்மூடி நம்பக் கூடாது, வேறு நிறத்தில் செய்கிறவர்களும் உண்டு என்றார். சந்தேகம் இருந்தால் இரண்டு பாதியும் ஒரே ஆளிடம் வாங்குவதுதான் பத்திரம்.

இன்னொன்றும் காட்டினார். லேப்டாப் பக்கத்துப் பாதியில் துளைகள்தான் இருக்க வேண்டும், நீட்டிக்கொண்டிருக்கும் ஊசிகள் கீபோர்டு பக்கம்தான் வர வேண்டும். மாறி இருந்தால், திருகைக் கழற்றி வைத்த நேரத்தில் 5 வோல்ட் ஊசிகள் திறந்து கிடக்கும், மேஜையில் ஒரு சாவிக்கொத்து உரசினாலும் ஷார்ட்தான். திருகைக் கழற்றுவதானாலும் பூட்டுவதானாலும் முதலில் யூஎஸ்பியைப் பிடுங்கிவிடுவது நல்லது.

அடுத்த கீபோர்டு வாங்க அதே தெருவுக்கே போனேன். இந்த முறை பையில் அந்த 449 ரூபாய் பின்னல் கேபிளும் லேப்டாப்பும் இருந்தன. கடைக்காரரிடம் மூன்று கீபோர்டு எடுத்துத் தரச் சொல்லி, ஒவ்வொன்றிலும் சி-டு-சி கேபிளை மாட்டி, திருப்பியும் மாட்டிப் பார்த்தேன். முதல் இரண்டும் எரியவில்லை. "அண்ணே, பீஸ் போயிருக்கு போல, வேற எடுக்கிறேன்" என்று அவர் உள்ளே ஓடப் பார்த்தார். பீஸ் நல்லாத்தான் இருக்கு, அகல பின்னில் போட்டுப் பாருங்கள் என்றேன். போட்டார், எரிந்தது. கேபிளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். மூன்றாவது இரண்டு பக்கமும் எரிந்தது. 3,400 ரூபாய்க்கு அதை வாங்கிக்கொண்டு வந்தேன். பெட்டிக்குள் இருந்த கறுப்பு ரப்பர் கேபிளைத்தான் மாட்டியிருக்கிறேன்.